ரெண்டு தடவை சுரண்டி எடுத்த பிறகு மாதவிடாய் வெறும் கறை மட்டும்: ஹார்மோன் எல்லாம் நார்மல், மாத்திரைக்கும் வரல

ஷீபா_தக்கலை

எல்லாருக்கும் வணக்கம். எனக்க மைனிக்காகக் கேக்கேன். வயசு 28. முதல் கர்ப்பம், 10 வாரத்துல துடிப்பு இல்லன்னு ஸ்கேன்ல சொன்னாவ, டி அண்ட் சி செஞ்சாவ. 3 வாரம் ஆகியும் ரத்தம் நிக்கல. திரும்ப ஸ்கேன் பாத்தப்போ உள்ள மிச்சம் கெடக்குன்னு இன்னொரு தடவை சுரண்டி எடுத்தாவ. அது முடிஞ்சு இப்போ 6 மாசம்.

முன்ன 4 நாள் போகும், நாளுக்கு 3 பேடு. இப்போ ஒரே ஒரு நாள் பழுப்புக் கறை, ஒரு பேடு பாதி கூட நனையாது. ஆனா மாசாமாசம் அந்தத் தேதிக்கு முன்ன மார்பு கனக்குது, அடிவயிறு இழுத்துப் பிடிக்குது. அதெல்லாம் மாறல.

டெஸ்ட் எடுத்தது: டி.எஸ்.எச் 2.1, புரோலாக்டின் 14, எஃப்.எஸ்.எச் 6.2. 21-ஆம் நாள் புரொஜெஸ்டிரோன் 11. 20-ஆம் நாள் ஸ்கேன்ல உள்சவ்வு 4 மில்லிமீட்டர், "கருப்பை, சினைப்பை நார்மல்"னு எழுதியிருக்கு. மெட்ராக்ஸி புரொஜெஸ்டிரோன் 5 நாள் வீதம் ரெண்டு தடவை குடுத்தாவ, ரெண்டு தடவையும் அதே கறைதான். இப்போ 3 மாசம் கருத்தடை மாத்திரை சாப்பிடச் சொல்லுதாவ. சாப்பிடலாமா, இல்ல வேற ஏதும் பாக்கணுமா?

ஜெபராஜ்_மெடிக்கல்ஸ்

உள்சவ்வு 4 மில்லிமீட்டர்னா மெலிஞ்சு போயிருக்கு, அவ்வளவுதான் விஷயம். சவ்வை வளர்க்கிறது ஈஸ்ட்ரோஜன். எஸ்ட்ரடயால் வேலரேட் 2 மில்லிகிராம் மாத்திரையை ஒரு மாசம் குடுத்தா தடிமன் ஏறும், போக்கும் சரியாகும். எங்க கடைக்கு இந்தச் சீட்டு நிறைய வருது. ஆபரேஷன் அது இதுன்னு ஓட வேண்டாம், 2, 3 மாசம் பொறுத்துப் பாக்கச் சொல்லுங்க.

கமலம் (மகப்பேறு மருத்துவர்)

ஷீபா, நீங்க எழுதினதுலயே பாதி விடை இருக்கு. 21-ஆம் நாள் புரொஜெஸ்டிரோன் 11 வந்திருக்கு. அது 3-க்கு மேல இருந்தாலே அந்த மாசம் கருமுட்டை வெளிவந்திருக்குன்னு அர்த்தம். மார்பு கனக்கிறதும் அதைத்தான் சொல்லுது. அப்போ சினைப்பை ஈஸ்ட்ரோஜனும் சுரக்குது, புரொஜெஸ்டிரோனும் சுரக்குது, மாசக் கடைசியில ரெண்டும் தானா இறங்குது. மாத்திரை குடுத்து நிறுத்தி என்ன சோதிக்க நினைச்சாங்களோ, அதை உடம்பே மாசாமாசம் செய்து காட்டிட்டு இருக்கு. இருந்தும் ரத்தம் வரலன்னா குறை ஹார்மோன்ல இல்ல, கருப்பைக்கு உள்ளேயேதான் இருக்கு.

ஜெபராஜ் சொன்னதுல பாதி சரி. சவ்வை வளர்க்கிறது ஈஸ்ட்ரோஜன்தான், ஆபரேஷனுக்குப் பிறகு அதைக் குடுக்கவும் செய்றோம். ஆனா சவ்வு ரெண்டு அடுக்கு. மேலடுக்கு மாசாமாசம் உதிருது. அடியடுக்குல இருந்துதான் அது திரும்ப முளைக்குது. கர்ப்பம் கலைஞ்சதும் பிரசவம் ஆனதும் கருப்பை ரொம்ப மென்மையா இருக்கும், ஈஸ்ட்ரோஜனும் இறங்கிக் கிடக்கும். அந்த நேரத்துல, அதிலும் 2-ல இருந்து 4 வாரத்துக்குள்ள, ரெண்டாவது தடவை கூரான கரண்டியால சுரண்டினா அடியடுக்கும் சேர்ந்து போயிடலாம். முன்சுவரும் பின்சுவரும் புண்ணோட ஒண்ணை ஒண்ணு தொட்டுட்டு இருக்கும், ஆறும்போது தழும்பா ஒட்டிக்கும். முளைக்க வேர் இல்லாத இடத்துல எத்தனை மாத்திரை குடுத்தாலும் சவ்வு வராது. ஒட்டின தழும்பையும் மாத்திரை பிரிக்காது.

இதுக்கு ஆஷர்மன் நோய்னு பேரு. ஜோசப் ஆஷர்மன் 1948-ல விவரமா எழுதினார், ஹைன்ரிஷ் ஃப்ரிட்ஷ் 1894-லேயே ஒண்ணைப் பதிவு பண்ணியிருக்கார். உங்க மைனிக்கு இதுதான்னு இங்க உக்காந்து முடிவு கட்ட மாட்டேன். ஆனா கருத்தடை மாத்திரையில 3 மாசம் கழிக்கிறதை விட உள்ள பாக்கிறதுதான் சரி. கர்ப்பம் இல்லன்னு சிறுநீர் டெஸ்ட்ல உறுதி பண்ணிட்டு, ஹிஸ்டெரோஸ்கோப்பி, அதாவது கருப்பைக்குள்ள கேமரா வச்ச மெல்லிய ஸ்கோப்பை விட்டு நேராப் பாக்கிறது.

குளச்சல்காரி

எனக்கும் இதேதான்! பிரசவம் கழிஞ்சு ரத்தம் நிக்காம 5 யூனிட் ஏத்துனாவ, கடைசியில சுரண்டியும் எடுத்தாவ. பிள்ளைக்கு இப்போ ஒண்ணரை வயசு, இதுவரை தூரமே வரல. பால் ஒரு சொட்டும் சுரக்கல. எப்பவும் அசதி, குளிரு தாங்கல, அக்குள் முடி உதிர்ந்து போச்சு. தைராய்டு டி.எஸ்.எச் பாத்தாவ, நார்மல்னுட்டாவ. நானும் ஹிஸ்டெரோஸ்கோப்பி எடுக்கட்டா?

கமலம் (மகப்பேறு மருத்துவர்)

குளச்சல்காரி, தயவுசெய்து இதைக் கவனமா படிங்க. உங்களுடையது வேற மாதிரி இருக்கு. பெரிய ரத்தப்போக்குக்குப் பிறகு பாலே சுரக்காம, முடி உதிர்ந்து, குளிர் தாங்காம, தூரமும் நின்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியை. ரத்தம் குறைஞ்சப்போ அது அடிபட்டிருக்கலாம். அப்படி அடிபட்டா டி.எஸ்.எச் நார்மலாவே காட்டும், ஏன்னா டி.எஸ்.எச்-சைச் சுரக்கிறதே அந்தச் சுரப்பிதான். ஃப்ரீ டி4, காலை 8 மணி கார்டிசால், புரோலாக்டின், எஃப்.எஸ்.எச், எஸ்ட்ரடயால் எல்லாம் சேர்த்துப் பாக்கணும்.

கார்டிசால் பாக்காம யாரும் தைராய்டு மாத்திரை ஆரம்பிச்சா ஒத்துக்காதீங்க. கார்டிசால் குறைவா இருக்கும்போது தைராய்டை மட்டும் ஏத்தினா ரத்த அழுத்தம் சரிஞ்சு உயிருக்கே ஆபத்தாகும். வாந்தியோ தலைசுத்தலோ காய்ச்சலோ வந்தா அன்னைக்கே ஆசாரிபள்ளம் அவசரப் பிரிவுக்குப் போங்க, பிரசவத்துல ரத்தம் போன கதையை முதல் வரியிலேயே சொல்லுங்க. ஹிஸ்டெரோஸ்கோப்பி பிறகு பாத்துக்கலாம்.

குளச்சல்காரி

இதுவரை யாரும் இப்படிச் சேர்த்து வச்சுச் சொல்லல. நாளைக்கே போறேன்.

ஸ்கேன்_அறை

ஷீபா வச்சிருக்கிற ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பத்தி ஒண்ணு சொல்றேன். "கருப்பை நார்மல்"னு எழுதினது கருப்பையோட அளவையும் தசையையும் பத்தி. சுவர்கள் ஒட்டியிருக்கிறது சாதாரண ஸ்கேன்ல தெரியாமலே போகலாம், அதனால ஸ்கேன் நார்மல்ங்கிறதை வச்சு இதை ஒதுக்க முடியாது. ஆனா கருமுட்டை வந்த மாசத்துல 20-ஆம் நாள் வெறும் 4 மில்லிமீட்டர்னா அது நார்மல் இல்ல. பொதுவா 7-க்கு மேல இருக்கணும். சவ்வோட கோடு நடுவுல அங்கங்க அறுந்து தெரியுதான்னும் பாக்கணும்.

உப்புத்தண்ணி ஸ்கேன் செய்யலாம். மெல்லிய குழாய் வழியா 5-ல இருந்து 10 மில்லி சலைன் உள்ள விட்டுக்கிட்டே பாத்தா, பிரியாத இடம் பட்டையா நிக்கும். எக்ஸ்ரே வச்சு சாயம் ஏத்துற டெஸ்ட்லயும் தெரியும். ஆனா காத்துக் குமிழி கூட ஒட்டல் மாதிரி காட்டும். கருப்பைக் கழுத்துப் பக்கமே அடைச்சிருந்தா சாயம் ஏறவே ஏறாது. அப்போ மேல எவ்வளவு நல்லா இருக்குன்னு சொல்லவே முடியாது.

மாசாமாசம் வலி வருதுன்னு சொன்னதால இன்னொண்ணு. வலி உச்சத்துல இருக்கிற நாள்ல ஸ்கேன் எடுங்க. உள்ள ரத்தம் தேங்கி நின்னா அடைப்பு கழுத்துல மட்டும் இருக்கு, மேல சவ்வு உயிரோட இருக்குன்னு அர்த்தம். அது எளிதா சரியாகிற வகை. தேங்காம வலி மட்டும் இருந்தா ஒட்டல் மேலயும் பரவியிருக்கலாம்.

ஷீபா_தக்கலை

வலி உள்ள நாள்ல போய் எடுத்தாச்சு. ரத்தம் தேங்கல. சவ்வு நடுவுல அறுந்து தெரியுதுன்னு எழுதியிருக்காவ. ஹிஸ்டெரோஸ்கோப்பிக்கு நாள் குறிக்கப் போறோம். நாகர்கோவில்ல ஒரு இடம், திருவனந்தபுரத்துல ஒரு இடம் சொல்லுதாவ. எதைப் பாத்து முடிவெடுக்க?

மேரி_தியேட்டர்

ஊரைப் பாக்காதீங்க பிள்ளே, ரெண்டு கேள்வி கேளுங்க. ஒண்ணு, ஒட்டினதைப் பிரிக்க கத்திரியா, கரண்டா? ரெண்டு, பிரிக்கும்போது வயித்து மேல ஸ்கேன் வச்சுப் பாத்துக்கிட்டே செய்வாங்களா?

கத்திரின்னா ஸ்கோப்புக்குள்ள போற சின்னக் கத்திரி, 2 மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. கரண்ட் வச்சா வெட்டுன இடத்தைச் சுத்தியும் சூடு பரவும். ஏற்கனவே சவ்வு கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு, அதையும் ஏன் கருக்கணும்? அடர்த்தியான தழும்புக்கு அனுபவசாலிகள் சிலர் கரண்ட் வைக்கிறாங்க, அது அவங்க தீர்மானம். ஆனா முதல் கேள்விக்கு அவங்க சொல்ற பதில்ல இருந்தே எவ்வளவு யோசிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுடும்.

தண்ணி கணக்கும் முக்கியம். கருப்பையை விரிக்க சலைன் ஓடிக்கிட்டே இருக்கும். எவ்வளவு உள்ள போச்சு, எவ்வளவு வெளிய வந்துச்சுன்னு ஒரு ஆள் அதுக்குன்னே நின்னு கழிச்சுக்கிட்டே இருக்கணும். தழும்பை வெட்டும்போது ரத்தக்குழாய் திறந்துக்கும், தண்ணி அது வழியா உடம்புக்குள்ள போகும். சலைன்னா, உடம்பு நல்லா உள்ள பொண்ணுக்கு 2500 மில்லி வித்தியாசம் ஆனதும் நிறுத்தணும். பழைய வகைக் கரண்டுக்கு கிளைசின் ஓடவிட்டா 1000 மில்லியிலேயே நிறுத்தணும், ஏன்னா ரத்தத்துல சோடியம் விழுந்துடும். அப்படி விழுந்தா முழிச்சதும் தலைவலி, குழப்பம், வாந்தி.

கமலம் (மகப்பேறு மருத்துவர்)

மேரி சொன்னது எல்லாம் சரி. ஸ்கேன் வைக்கச் சொல்றதுக்குக் காரணம், ஒட்டிப்போன கருப்பையில எது குழி, எது தசைன்னு ஸ்கோப்ல மட்டும் பாத்து அடையாளம் தெரியாது. திசை தப்பினா சுவர்ல ஓட்டை விழும். விழுந்தா தண்ணி அழுத்தம் சட்டுன்னு இறங்கும், கருப்பைக்குப் பின்னால தண்ணி சேர்றது ஸ்கேன்ல தெரியும். அந்த நொடியே நிறுத்தணும். மேல இருந்து ஸ்கேன் சரியா தெரிய மூத்திரப்பை கொஞ்சம் நிறைஞ்சிருக்கணும்.

கழுத்துப் பக்கத்துல இருந்து மேல்நோக்கி, முதல்ல நடுவுல, பிறகு ஓரங்கள்னு பிரிச்சுட்டுப் போவாங்க. ரெண்டு கருக்குழாய்களோட வாயும் தெரிஞ்சா வேலை முடிஞ்சது. தெரியறதுக்கு முன்னாடியே இளஞ்சிவப்புத் தசைநார் தென்பட்டு ரத்தம் கசிய ஆரம்பிச்சா அங்கேயே நிறுத்திடணும். ஒரே நாள்ல முழுசா பிரிக்கணும்னு பிடிவாதம் பிடிக்கிறதுலதான் கெடுதல் நடக்குது. மிச்சத்தை அடுத்த தடவை பாக்கலாம்.

இன்னொண்ணு, நம்ம நாட்டுல இதை விடவே கூடாது. கருப்பைக் காசநோயும் இதே மாதிரி சுவர்களை ஒட்டவைக்கும், மாதவிடாயைக் குறைக்கும். இருமல் இல்லாமலும் அது இருக்கும். அதனால பிரிக்கிற அன்னைக்கே சவ்வுத் துணுக்கு எடுத்து ஒரு பாதியை பயாப்சிக்கும், மறு பாதியை ஃபார்மலின்ல போடாம சலைன்ல வச்சு காசநோய்க் கிருமியைத் தேடுற சிபிநாட், கல்ச்சர் ரெண்டுக்கும் அனுப்பச் சொல்லுங்க. முழுசையும் ஃபார்மலின்ல போட்டுட்டா கல்ச்சர் பண்ண முடியாது. முன்னாடி ரெண்டு தடவை சுரண்டினப்போ பயாப்சி அனுப்பியிருந்தா அந்த ரிப்போர்ட்டையும் எடுத்துட்டுப் போங்க. அதுல தசைத் துணுக்கு இருக்குன்னு எழுதியிருந்தா ஆழமா சுரண்டியிருக்காங்கன்னு புரிஞ்சுக்கலாம்.

ஜெபராஜ்_மெடிக்கல்ஸ்

டாக்டர், ஈஸ்ட்ரோஜன் தழும்பைப் பிரிக்காதுங்கிறது புரியுது. ஆனா ஆபரேஷனுக்கு முன்னாடியே ஒரு மாசம் குடுத்தா மிச்ச சவ்வு கொஞ்சம் வளர்ந்து நிக்குமே? பிறகு வெட்டினா லாபம்தானே?

கமலம் (மகப்பேறு மருத்துவர்)

அப்படிக் குடுக்கிறவங்களும் இருக்காங்க. இவளுக்குக் கருமுட்டை வருது, சொந்த ஈஸ்ட்ரோஜன் போதுமான அளவு இருக்கு, அதனால எனக்கு அதுல பெரிய லாபம் தெரியல. ஆபரேஷனுக்குப் பிறகு குடுக்கிற அளவுலயே ஒருமித்த கருத்து இல்ல. 2 மில்லிகிராம் காலை ராத்திரி ரெண்டு வேளை 3, 4 வாரம், கடைசி 10 நாள் கூடவே மெட்ராக்ஸி புரொஜெஸ்டிரோன் 10 மில்லிகிராம். பலரும் இப்படித்தான் எழுதுறோம். இதுக்கு மேல ஏத்தினா நல்லதுன்னு நிரூபணம் இல்ல. கால் நரம்புல ரத்தம் கட்டின வரலாறு, கண்ணு முன்னால மின்னல் தெரிஞ்சு வர்ற ஒற்றைத் தலைவலி இருந்தா முதல்லயே சொல்லணும். சீட்டு இல்லாம யாருக்கும் இதைக் குடுத்துடாதீங்க.

ஷீபா_தக்கலை

ஆபரேஷன் முடிஞ்சுது, திருவனந்தபுரத்துலதான். டிஸ்சார்ஜ் சீட்டுல உள்ளதை அப்படியே எழுதுகேன்: குழியில பாதி அளவுக்கு ஒட்டல், மெல்லிசும் கெட்டியும் கலந்தது. ஸ்கேன் துணையோட கத்திரியால பிரிச்சது. இடது குழாய் வாய் தெரிஞ்சுது, வலது தெரியல. தண்ணி வித்தியாசம் 600 மில்லி. துணுக்கு சிபிநாட், கல்ச்சர், பயாப்சிக்கு அனுப்பியாச்சு. உள்ள 8 நம்பர் ஃபோலி பலூன், 3 மில்லி நிரப்பி, 7 நாள். எஸ்ட்ரடயால் 2 மில்லிகிராம் ரெண்டு வேளை.

ரெண்டு சந்தேகம். பலூனோட தக்கலைக்கு பஸ்ல வரலாமா? மாமியார் காப்பர் டி போட்டுவிடச் சொல்லுதாவ, அவங்க காலத்துல அதுதான் வைப்பாங்களாம்.

மேரி_தியேட்டர்

வரலாம், ஆனா பின் சீட்ல உக்கார வேண்டாம், ரோடு குலுக்கும். குழாயைத் தொடையில பிளாஸ்டர் போட்டு ஒட்டியிருப்பாங்க, அது இழுபடாம பாத்துக்கணும். கொஞ்சம் ரத்தக்கசிவு, தசை இழுப்பு ரெண்டும் இருக்கத்தான் செய்யும். காய்ச்சல், நாத்தமடிக்கிற கசிவு, ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேடு நனையுற ரத்தம், நாளுக்கு நாள் கூடுற வயித்து வலி, இதுல எது வந்தாலும் 7 நாள் ஆகட்டும்னு காத்திருக்கக் கூடாது. பலூனை யாராவது 5 மில்லிக்கு மேல ஊதப் பாத்தா நிறுத்தச் சொல்லுங்க. அழுத்தம் கூடினா சவ்வுக்கு ரத்த ஓட்டம் குறையும்.

காப்பர் டி-யைப் பொறுத்தவரை, மாமியார் சொல்றது பொய் இல்ல. அப்போ லூப்னு ஒண்ணு இருந்துச்சு, அகலமான பிளாஸ்டிக், காப்பர் கிடையாது. அதைத்தான் வைப்பாங்க. இப்போ அது கிடைக்கிறதே கஷ்டம்.

கமலம் (மகப்பேறு மருத்துவர்)

காப்பர் டி மெல்லிசு, சுவர் ரெண்டும் அதோட ரெண்டு பக்கமும் வந்து ஒட்டிக்கும். காப்பர் சவ்வைப் புண்ணாக்கவும் செய்யும். இந்த நிலைமையில நான் வைக்க மாட்டேன். வைக்கிற மருத்துவர்கள் இன்னும் இருக்காங்க, அவங்களோட எனக்கு உடன்பாடு இல்ல. பலூனுக்குப் பதிலா ஹயலுரோனிக் ஜெல் போடுறதும் உண்டு. திரும்ப ஒட்டுறதை அது கொஞ்சம் குறைக்குது, ஆனா கடைசியில குழந்தைப் பிறப்பைக் கூட்டுதான்னு இன்னும் தெளிவா இல்ல.

ஒட்டலோட கடுமையைக் கணக்குப் போட்டா உங்க மைனிக்கு நடுத்தரம். பாதிக் குழி ஒட்டினதுக்கு 2, மெல்லிசும் கெட்டியும் கலந்ததுக்கு 2, போக்கு குறைஞ்சதுக்கு 2, ஆக 6. 5-ல இருந்து 8 வரைக்கும் நடுத்தரம். இந்த அளவுல மூணுல ஒருத்தருக்கு வரைக்கும் திரும்ப ஒட்டுது, கடுமையானதுல மூணுல ரெண்டு பேருக்கு வரைக்கும். அதனால 2, 3 வாரத்துல ரெண்டாவது தடவை ஸ்கோப் வச்சுப் பாக்கணும். அப்போ ஒட்டல் வந்திருந்தாலும் சிலந்தி வலை மாதிரி மெல்லிசா இருக்கும், ஸ்கோப் நுனி பட்டாலே பிரியும். 3, 4 மாசம் விட்டா மறுபடி கத்திரி தேவைப்படும்.

ஷீபா_தக்கலை

ரெண்டாவது ஸ்கோப் முடிஞ்சுது. வலது மூலையில மெல்லிசா ஒட்டியிருந்துது, நுனியாலேயே பிரிச்சாவ. ஆனா வலது வாய் இன்னும் தெரியல. சிபிநாட் நெகட்டிவ், பயாப்சியிலும் காசநோய் அடையாளம் இல்ல, கல்ச்சர் இன்னும் வரல. மாத்திரை நிறுத்தின பிறகு போக்கு 2 நாள் வந்துது, சிவப்பாவே, மொத்தம் 3 பேடு. வீட்ல இப்பவே குழந்தைக்குப் பாக்கலாம்ங்கிறாவ.

கமலம் (மகப்பேறு மருத்துவர்)

கறையில இருந்து 3 பேடுக்கு வந்தது நல்ல முன்னேற்றம். பழைய 4 நாள் திரும்பாமலே போகலாம், அடியடுக்கு போன இடம் போனதுதான். மாத்திரைக்கு அப்புறம் வந்ததை மட்டும் வச்சு முடிவு பண்ண வேண்டாம். மாத்திரை இல்லாம தானா வர்ற ரெண்டு சுழற்சியில பேடு எண்ணிக்கையை எழுதி வைங்க, 20-ஆம் நாள் வாக்குல சவ்வு தடிமன் பாருங்க. திரும்பக் குறைஞ்சா உடனே போங்க. கல்ச்சர் வர 6, 8 வாரம்கூட ஆகும். அது வராம குழந்தை முயற்சி வேண்டாம், அதுவரைக்கும் ஆணுறை போதும்.

கர்ப்பம் தரிச்சா முதல் பதிவு அன்னைக்கே "கருப்பை ஒட்டல் பிரிச்சது"ன்னு அட்டையில எழுதச் சொல்லுங்க. தழும்பு உள்ள இடத்துல நஞ்சுக்கொடி தசைக்குள்ள வேர் விட்டுப் பிடிச்சுக்கும் அபாயம் இருக்கு. பிரசவத்துல அது கழண்டு வராம ரத்தம் கொட்டும். நஞ்சு எங்க ஒட்டியிருக்குன்னு ஸ்கேன்ல குறிப்பா தேடணும். பிரசவம் ரத்த வங்கி உள்ள ஆஸ்பத்திரியில நடக்கணும், சின்ன கிளினிக்ல வேண்டாம்.

ஸ்கேன்_அறை

அந்த வலது வாய் விஷயத்துல எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. தெரியலன்னா அடைப்புன்னு அர்த்தம் இல்ல, தழும்பு மூடியிருக்கலாம். இடது பக்கம் திறந்திருக்கான்னு சாய டெஸ்ட்ல பாத்துட்டு முயற்சி பண்ணலாமே, மூணாவது ஸ்கோப் எதுக்கு?

கமலம் (மகப்பேறு மருத்துவர்)

போக்கு இதே அளவுல நின்னா நானும் மூணாவது ஸ்கோப்புக்கு அவசரப்பட மாட்டேன். ஆனா சாய டெஸ்டை கல்ச்சர் வந்த பிறகு வைங்க. காசநோய் உள்ள இருந்தா சாயத்தை அழுத்தி ஏத்துறது அதைக் கிளப்பிவிடும்.

குளச்சல்காரி

காலைக் கார்டிசால் ரொம்பக் குறைவு, ஃப்ரீ டி4-ம் குறைவு. ஹைட்ரோகார்டிசோன் ஆரம்பிச்சிருக்காவ, தைராய்டு மாத்திரை சில நாள் கழிச்சுன்னு சொன்னாவ. தலைக்கு எம்.ஆர்.ஐ. எழுதியிருக்கு.

கமலம் (மகப்பேறு மருத்துவர்)

வரிசை சரியா இருக்கு. காய்ச்சலோ வாந்தியோ வந்தா ஹைட்ரோகார்டிசோன் அளவை எப்படிக் கூட்டணும்னு அவங்ககிட்ட எழுதி வாங்கி வைங்க. மாத்திரையை ஒரு நாள்கூட நீங்களா நிறுத்தாதீங்க.